மூன்றாம் அடியில் துரை

எண்பதுகளின் தொடக்கத்தில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவேன். அப்போது ஏதோ ஒரு தேர்வுக்காக யாப்பிலக்கணம் படித்துக்கொண்டிருந்ததால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பணி ஓய்வு என்றாலும் வாழ்த்துப்பா எழுதுவது என் தலையில் விழும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் கொடுப்பார்கள். வாங்குகிறவர் படிப்பாரோ மாட்டாரோ, சுவரில் ஆணி அடித்துவிடுவார்.

அந்த ஆண்டு ஓய்வு பெற்றவர் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. கணவர் இல்லை. ஒரே மகள் கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியாததால், ஓய்வு பெற்றதும் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். பிறந்ததும் பிள்ளை பெற்றதும் அதே லயத்தில் என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

நான் ஆசிரியப்பாவில் நான்கு அடி எழுதி, படி எடுப்பதற்காக ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கொடுத்தேன். கிராணிக்குத் தமிழார்வம் அதிகம், மேலதிகாரி ஆர்வம் அதைவிட அதிகம். திரும்பி வந்த தாளில் மூன்றாம் அடி புஷ்டியாகி இருந்தது.

கூடை ஏந்திக் கொழுந்தினைப் பறித்து
வாடை வீசும் வரையினில் நடந்து
நாளும் எங்கள் துரையின் தோட்டம் காத்த
தாயே வாழ்க தலைமுறை கடந்தே

நான் எழுதியது ‘நாளும் எங்கள் தோட்டம் காத்த’. நடுவில் தோட்டத்து மேனேஜரான துரையைக் குந்தவைத்தது கிராணி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சட்டத்துக்கு அழகாக எழுதித் தரும் எழுத்துக்காரர் தானா ராத்தா பட்டணத்தில் இருந்தார். தாளை எடுத்துப்போகும் லோரி நாலு மணிக்குக் கிளம்பும். மூன்று மணிக்குக் கிராணியை வகுப்பறைக்கு வரவழைத்தேன். கொழுந்து நிறுவை முடிந்து, தன் பாட்டைக் கேட்க அந்த அம்மாவும் வந்து பின்வரிசையில், பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கரும்பலகையில் நான்கு அடியையும் எழுதி, சீர் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் வாய்பாடு போட்டேன். முதலடி தேமா, தேமா, கருவிளம், புளிமா. நான்கு சீர். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தேமா, தேமா, புளிமா, தேமா, தேமா. ஐந்து. ஆசிரியப்பாவின் அடியில் நான்கு சீருக்கு மேல் இடமில்லை, ஒருவர் இறங்கியாக வேண்டும் என்றேன். கிராணி விரல்விட்டு எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் இறங்க வேண்டியது ‘எங்கள்’ என்றார். ‘நாளும் துரையின் தோட்டம் காத்த’ என்றால் நான்கு சீர் ஆயிற்று, துரைக்கும் தோட்டத்துக்கும் மோனையும் கிடைத்தது, ‘எங்கள்’ வந்தால் மோனைக்கு வழியுண்டா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதுதான் எரிச்சல்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பின்பெஞ்சைக் காட்டினார்.

“டீச்சர், துரை மேடையில இருப்பாரு. பாட்ட நான் மலாய்ல சொல்லிக் காட்டுவேன். மனசு குளுந்தா அந்தம்மா வீட்ட இன்னும் ஒரு வருசம் விட்டு வைப்பாரு லா. ஒங்களுக்கு என்ன, ஒரு சொல்லுதானே?”

நல்ல மனசு பேசுகிறதா, ஆபீஸ் நாற்காலி பேசுகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று என் கண்ணில் பட்டது ஒன்றுதான். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கையை வாழ்த்தும் பாட்டில், தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பங்களாவுக்குப் போகிற மனிதருக்கு என்ன வேலை?

தளையைக் கையில் எடுத்தேன். ஒரு சீரின் கடைசி அசையும் அடுத்த சீரின் முதல் அசையும் நேரும் நேருமாகவோ நிரையும் நிரையுமாகவோ ஒன்றினால் ஆசிரியத்தளை. ‘நாளும்’ நேரில் முடிகிறது. ‘எங்கள்’ நேரில் தொடங்குகிறது, கச்சிதம். ‘துரையின்’ நிரையில் தொடங்குகிறது. மாச்சீருக்குப் பின் நிரை வந்தால் அது வெண்டளை, வெண்பாவின் சொத்து. ஆகவே துரை இங்கே உட்கார முடியாது, தளை தட்டுகிறது என்று சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

இதில் பாதி பொய். வெண்டளை ஆசிரியப்பாவில் தாராளமாகக் கலக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். துரையை வைத்தாலும் இலக்கணம் பிழைக்காது. அதைவிட மோசம், என் சொந்த முதலடியிலேயே ‘ஏந்திக்’ முடிந்து ‘கொழுந்தினைப்’ தொடங்கும் இடம் வெண்டளை. இரண்டாம் அடியில் ‘வீசும் வரையினில்’ அதே கதை. கிராணி கண்ணை ஓர் அடி மேலே தூக்கினால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே நகர்ந்து, மேல் இரண்டடியை முதுகால் மறைத்தபடி பலகையில் சாய்ந்து நின்றேன். இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு ‘நாளும் தோட்டம் காத்த’ என்று ஈற்றயலடியில் மூன்று சீரோடு நிறுத்தினால் அழகான நேரிசை ஆசிரியப்பா ஆகும், தோட்டம் யாருக்கும் சொந்தமில்லாமல் போகும், சண்டையும் தீரும். அதையும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

கிராணி பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே லோரி ஹாரன் அடித்தது. தளை தட்டும் பாட்டை எழுதினவர் என்று பேர் வாங்க அவருக்கு விருப்பமில்லை. துரையைத் தம் கையாலேயே அடித்துத் தாளைக் கொடுத்தனுப்பினார். அந்த அம்மா எழுந்து போனார்.

விழாவில் துரை கைகுலுக்கினார், சிரித்தார், கிராணி மலாயில் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் அம்மா பெட்டி, அம்மி, கோழிக்கூடு, வாழ்த்துப்பாச் சட்டம் எல்லாவற்றையும் மருமகனின் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காலி வீட்டைக் கடந்துதான் தினமும் பள்ளிக்கு நடந்தேன். ஒரு சொல்லுக்காக ஒருத்தியின் கூரையைப் பிடுங்கிவிட்டேனோ? புலமை மண்ணாங்கட்டி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜாவுக்குப் பஸ் ஏறினேன். முட்டைக்கோஸ் கூடைகள் அடுக்கிய முன்னறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் தொங்கியது. அம்மா கோப்பி கொடுத்தார். நான் குடிக்காமல், அன்று தளை என்று சொன்னது பொய், துரையைப் போட்டிருந்தாலும் பாட்டு சரியாகத்தான் இருந்திருக்கும், அவர் ஒருவேளை வீட்டை விட்டிருப்பார் என்று கொட்டிவிட்டேன்.

அம்மா முந்தானையால் சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“பொய்யின்னு அன்னிக்கே தெரியும் டீச்சர். நீங்க திரும்பினப்ப முதுகெல்லாம் சாக்பீஸ் மாவு. என்னத்தையோ மறைச்சிக்கிட்டு நின்னீங்க.”

பின் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வீட்ட நான் முன்னயே துரைகிட்ட போயி கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாரு. அதுக்கு மேல எம்பாட்டுல வேற அவரு வந்து குந்தணுமா?”

சட்டம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கிவிட்டு, கோப்பி ஆறுகிறது, குடிங்க என்றார்.