சாயாக்கடை தாண்டாத கதாநாயகன்

அடுத்தவர் வாய்க்குப் பாட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. மலையாளப் படத்தைத் தமிழில் டப்பிங் பண்ணும்போது, திரையில் நடிகர் உதட்டை மூடுகிற இடத்தில் நானும் ‘ப’வோ ‘ம’வோ வைக்க வேண்டும். அவர் வாயைத் திறந்தால் நானும் திறக்க வேண்டும். அர்த்தம், அழகு எல்லாம் அப்புறம். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரிக்கு ரெண்டு பாஷையும் வரும் என்பதால் இந்த வேலை வந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு எரிச்சல் இருந்துகொண்டேதான் இருந்தது. என் வார்த்தைக்கு ஒருத்தன் வாயசைக்கும் நாள் எனக்கு வரவே வராதா?

வந்தது. எங்கள் பக்கத்துச் சந்துகளிலேயே ஒரு தமிழ்ப் படம் எடுக்க வந்தார்கள். கதாநாயகன் மட்டாஞ்சேரித் தமிழன், குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். டைரக்டர் என்னைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்த பிள்ளை.

“அக்கா, ஹீரோ அறிமுகப் பாட்டு நீங்கதான் எழுதணும்,” என்றார். “ஆனா முகத்தைக் காட்ட மாட்டேன். வண்டி பின்பக்கம், ஸ்டியரிங்ல கை, சந்து, சுவர், அவ்வளவுதான். பாட்டு முடியும்போதுதான் முகம். அதுக்குள்ள இவன் எப்படிப்பட்ட ஆளுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிடணும். உங்க வார்த்தையிலதான் தெரியணும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுதித் தள்ளினேன். புலி வந்தது, தீ வந்தது, புயல் வந்தது, ஏழைக்குத் தோள் கொடுத்தது, எதிரிக்குக் குழி வெட்டியது. டைரக்டர் படித்துவிட்டு ரொம்பப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா இருக்குக்கா. ஆனா இதை எந்த ஹீரோ வேணும்னாலும் பாடலாமே?”

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம்தான். ‘நான் நல்லவன்’ என்று ஒருத்தன் பாடினால் அவன் நல்லவன் என்றா தெரிகிறது? தன்னைப் பற்றி அவனுக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம் என்றுதானே தெரிகிறது!

இசையமைப்பாளர் மெட்டை முதலிலேயே போட்டு, வாயால் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பல்லவி ‘தா…’ என்று உச்சியில் ஏறி நின்று, ‘னன்னன்னா’ என்று இறங்கும். அந்த உச்சியில் ஒரு நெடில் வேண்டும். பாடகர் அங்கே வாயைத் திறந்து நிற்கப் போகிறார், குறிலை வைத்தால் மூச்சு முட்டிவிடும். கீழே வருகிற வரிகள் எல்லாம் ‘தானன்னன தானன்னா’. சரணம் கொஞ்சம் நீளம். அதைக் கேட்டுக் கேட்டு என் தலையில் ‘தானன்னன’ தவிர ஒன்றுமில்லை. குக்கர் விசில்கூட அதே தாளத்தில்தான் கேட்டது.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. தண்ணி மோட்டார், கிரைண்டர், மிக்சி, எது எரிந்தாலும் ஊரே அவரைத்தான் கூப்பிடும். தங்கமான மனுஷன். ஆனால் ‘முடியாது’ என்ற வார்த்தை அவர் வாயில் வராது. எல்லாரிடமும் ‘தோ வந்துட்டேன்’தான். எங்கள் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை தோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு, யாரோ வீட்டு மோட்டாரை ஓட வைத்துவிட்டுத்தான் வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அன்று காலை நான் மெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இவர் லுங்கியோடு, பல்கூடத் தேய்க்காமல், வாசலில் நின்று போனில் பேசுகிறார். முதல் ஆளிடம், “தோ வந்துட்டேன், சாயாக்கடை தாண்டிட்டேன்.” அடுத்த போன். “தோ வந்துட்டேன், தோப்பும்படி பாலத்துல ஏறிட்டேன், ஒரே பிளாக்கு!” உடனே என் பக்கம் திரும்பி, “ஏய், ரெண்டு தோசை போடேன்.”

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! “வெட்கமா இல்லையா உங்களுக்கு? பாலத்துல தோசை விக்கிறாங்களா?” என்று கத்தினேன். கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது. ‘தோ…’ நெடில். உச்சியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். ‘வந்துட்டேன்’, ‘னன்னன்னா’. ஐயோ, அச்சாகப் பொருந்துகிறதே! அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் பட்டினியாகவே கடைக்குப் போனார், பாவம்.

அன்றைக்குப் பாட்டு தானாக ஓடியது. ஒருத்தன் போனில் பேசுகிறான். அவன் பேசுவது மட்டும்தான் நமக்குக் கேட்கும். எதிர்முனையில் யார் என்று அவன் பதிலிலிருந்து நாமே பிடித்துக்கொள்ள வேண்டும்.

தோ… வந்துட்டேன்!
வாசப்படி தாண்டிட்டேன்
தோ… வந்துட்டேன்!
சாயாக்கடை தாண்டிட்டேன்
தோ… வந்துட்டேன்!
பாலத்துல ஏறிட்டேன்

சரணத்தில் ஒரு கல்யாண வீட்டு மாமா, பாலுக்கு அழும் ஒரு குழந்தை.

பந்தக்காலு வண்டியிலதான், பதற வேண்டாம் மாமா
பாலும் வாங்கி வச்சுட்டேனே, பாப்பா அழலாமா?

சரணம் முடிகிற இடத்தில் தாளம் சட்டென்று ஒரு சுற்று நிற்கும். அங்கே போனைக் கையால் பொத்திக்கொண்டு அவன் மெல்லச் சொல்வான்:

சேட்டா, ரெண்டு வடை போடு… சாயா ஆறட்டும்!

பாலத்தில் ஏறிவிட்டேன் என்றவன் இன்னும் சாயாக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அதைப் படம் பிடித்துக் காட்ட வேண்டியதே இல்லை. ‘நான்’ என்ற சொல் பாட்டில் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கே என்மேல் ஆசை வந்துவிட்டது.

பழைய மிளகு கோடவுன் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே மாதிரிக்குப் பாடும் ஒரு டிராக் பாடகரைப் பாட வைத்துப் பதிவு செய்தோம். டைரக்டர் அதைப் பின்சந்துச் சாயாக்கடைக்குக் கொண்டுபோய், படம் இல்லாமல், பாட்டை மட்டும் போட்டார். முடிந்ததும், “இவன் என்ன மாதிரி ஆளு?” என்று கேட்பதாகத் திட்டம். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வடை வரியில் கடையே சிரித்து உருண்டது. மூட்டை தூக்குகிற ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது எண்டெ அளியன் தன்னே!” என்றார். அவருடைய மச்சானாம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சிரிக்காதவர் ஒரே ஒருத்தர், கதாநாயகனாக நடிப்பவர். கூடத்துக்குத் திரும்பியதும் பேசினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஒரு பாட்டம் கத்தியிருப்பேன்.

“பாட்டு பிரமாதம் மேடம். ஆனா இவனைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. இடைவேளைக்கு அப்புறம் ஊரே இவனை நம்பி நிக்கணும். இந்தப் புளுகனை யார் நம்புவா?”

டைரக்டர் என்னைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் சென்னையிலிருந்து ஒரு கவிஞரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாரிப்புத் தரப்பில் சொல்லிவிட்டார்களாம். அதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த நடிகர் சொன்னது உண்மை. அதுதான் என்னைக் கொன்றது. நான் என் வீட்டுக்காரரைக் கிண்டல் பண்ணித்தான் எழுதியிருந்தேன். கிண்டல் பாதி ஆளைத்தான் காட்டும். மீதி ஆள் எங்கே? தெரியவில்லை. தெரியவில்லை என்றால் மறுபடி நான் அடுத்தவர் உதட்டைப் பார்த்து ‘ப’வும் ‘ம’வும் தேடப் போக வேண்டியதுதான்.

கோடவுனின் பின்பக்கம் போய் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. ‘ஹலோ’ என்றார். மூக்கை உறிஞ்சினேன், அவ்வளவுதான்.

“அழறியா?” என்றார். அப்புறம், “கதவத் தொற. வாசல்லதான் நிக்கிறேன்.”

ஓடிப்போய் முன்கதவைத் திறந்தேன். எதிரே பைக்கில் ஒரு கிரைண்டர் மோட்டாரைக் கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார்! சட்டையெல்லாம் வியர்வை.

“இதை இன்னிக்குத் திருப்பூணித்துறையில குடுக்கணும்னீங்களே, குடுக்கலையா? எப்ப வந்தீங்க?”

“காலையிலயே. இன்னிக்கு உன் பாட்டு நாளாச்சே. உள்ள வந்தா திட்டுவியோன்னு இங்கயே நின்னேன்.”

அதற்குள் அவர் போன் அடித்தது. மோட்டார்க்காரர்தான். இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம்கூடக் கூசாமல் சொல்கிறார்: “தோ வந்துட்டேன் சேட்டா, பாலத்துல ஏறிட்டேன்!”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்குப் புரையேறிவிட்டது. நினைத்துப் பார்த்தேன். மோட்டாருக்கு, மிக்சிக்கு, கல்யாணத்துக்குக்கூட அவர் லேட்டு. ஆனால் நான் அழுத ஒரு நாளாவது அவர் லேட்டாக வந்திருக்கிறாரா? இல்லை. அந்த நாட்களில் ‘வந்துட்டேன்’ என்று சொன்னதுகூட இல்லை.

“உங்களை அப்புறம் கவனிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். கடைசிச் சரணத்தில் மறுபடி ஒரு போன். இந்தத் தடவை அவன் கேட்பது ரெண்டே வார்த்தை.

என்னாச்சு? அழறியா?

அடுத்து பல்லவி வர வேண்டும். கேட்கிறவர் காது உச்சியில் ‘தோ…’வுக்காகக் காத்திருக்கும். அங்கே ‘தோ’ வராது.

கதவத் தொற.
வாசல்லதான் நிக்கிறேன்.

இசையமைப்பாளர் வாய்க்குள் பாடிப் பார்த்தார். “மீட்டர் இடிக்குதே,” என்றார். தொடையில் தட்டிப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார். “தட்ட வேண்டாம். வாத்தியத்தையெல்லாம் நிறுத்திடலாம். மேல போக வேண்டாம், கீழ் ஸ்தாயியில, சும்மா பேசுற மாதிரி.” பாடகர் அப்படியே பாடினார்.

“அந்தக் கதவு திறக்கும்போது என் முகமா?” என்று மெதுவாகக் கேட்டார் நடிகர். டைரக்டர் தலையாட்டினார். நடிகர் என் பக்கம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “வடையை மட்டும் எடுத்துடாதீங்க மேடம்,” என்றார்.

படம் எறணாகுளத்தில் ரிலீஸான அன்று முதல் காட்சிக்குப் போனோம். போனோம் என்றா சொன்னேன்? நான் போனேன். என் பக்கத்து இருக்கை காலி. போன் பண்ணினால், “பார்க்கிங்லதான் இருக்கேன், தோ வந்துட்டேன்.” போனில் அவர் பின்னால் யாரோ மிக்சி ஜார் கேட்டுக் கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பாட்டு வந்தது. வடைக்குத் தியேட்டர் சிரித்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா தன் கணவரை இடித்து, “அப்படியே நீங்கதான்,” என்றாள். அப்புறம் வாத்தியமெல்லாம் நின்றது. ‘கதவத் தொற.’ அந்த அம்மாவின் கை மெல்லப் போய்க் கணவரின் கையைப் பிடித்தது. கதவு திறந்து, ‘வாசல்லதான் நிக்கிறேன்’ என்ற முகம் தெரிந்தபோது விசில் காதைக் கிழித்தது. என் வார்த்தைக்கு ஒருத்தன் வாயசைத்துவிட்டான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

எல்லாம் அடங்கின பிறகு என் வீட்டுக்காரர், பலரின் காலை மிதித்துக்கொண்டு, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். சூடான வடை.

“உன் பாட்டு போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“அடடா!” நிஜமாகவே முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். “ஹீரோ என்ன மாதிரி ஆளு?”

அவர் கையிலிருந்த வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

“நம்பலாம்,” என்றேன்.