இருபத்தோராம் நாள்

வழக்கமாக என் தங்கை ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் நொண்டுவாள். அன்று ஊசிக்கு முன்பே நொண்டினாள்.

வேலூரிலிருந்து காலை பஸ்ஸில் ஆம்பூருக்கு வந்திருந்தேன். ஒரு மாதத்துக்கும் மேலாக நான் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவுக்கு அம்மை போட்டிருந்தது. எனக்கு அதுவரை அம்மை வந்ததில்லை. நான் வேலை செய்வது மருத்துவமனையில், இதயத்துக்கு எக்கோ எடுக்கும் பிரிவில். தினமும் என் கைக்குக் கீழே படுப்பவர்கள் ஏற்கெனவே பலவீனமானவர்கள். அதனால் அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடியும்வரை வர வேண்டாம் என்று அம்மாவும் சொன்னார், என் மேற்பார்வையாளரும் சொன்னார். இருவருக்கும் காரணம் வேறு வேறு.

"இன்னாக்கா, எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வரலியா?" என்று கேட்டபடி தங்கை உள்ளேயிருந்து வந்தாள். இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை.

"ஏன்டி நொண்டுற? ஊசி இனிமேத்தான?"

"இப்பவே பிராக்டீஸ் பண்றேன்" என்றாள்.

உட்காரவைத்து நெற்றியைத் தொட்டேன், காய்ச்சல் இருந்தது. முழங்காலைத் தொட்டேன். சுட்டது. மறுகாலோடு ஒப்பிட்டால் வீக்கம் தெரிந்தது. இதற்கு முன் வேறெங்கே வலித்தது என்று கேட்டேன். முந்தாநாள் வலது கணுக்கால். இப்போது அங்கே வலி இல்லையாம். "அது ஷிஃப்ட் மாறிடுச்சி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மூட்டில் தங்கி, அதை விட்டு அடுத்த மூட்டுக்குப் போகும் வலியை இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருந்தோம்.

அது இரண்டு வருடத்துக்கு முன். அவளுக்கு ஒன்பது வயது. தொண்டை வலி வந்தது, நாலு நாளில் போனது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தன. பள்ளிக்கூடத்தில் ஓடியதால் என்று நினைத்தோம். மருத்துவமனையில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டர் வெகுநேரம் அதை எடுக்கவில்லை. இதயத்தின் இடதுபக்க மைட்ரல் வால்வில் கசிவு. ருமாட்டிக் காய்ச்சல்.

நான் அப்போது எக்கோ படிப்பில் கடைசி வருடம். தொண்டையில் வரும் ஒரு வகைக் கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆயுதம், ஏதோ ஓர் ஒற்றுமையால் ஏமாந்து, சொந்த இதயத்தையும் மூட்டுகளையும் தாக்குகிறது என்று பாடத்தில் படித்திருந்தேன். மூட்டு முழுதாகத் தேறிவிடும். வால்வு அப்படித் தேறாது. ஒவ்வொரு முறை அழற்சி வரும்போதும் அதன் மெல்லிய இதழ்களில் தழும்பு விழும். முதலில் இதழ்கள் சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசியும். திரும்பத் திரும்ப வந்தால் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றைப் பிடித்திருக்கும் நரம்பு போன்ற இழைகள் சுருங்கி, கடைசியில் வால்வு திறக்கவும் முடியாமல் போகும். அதனால் முதல் தடவையைவிட அடுத்த தடவைதான் பயம். அது வராமல் இருக்க இருபத்தொரு நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி, இன்னும் பல வருடங்களுக்கு. மூன்று வாரம் தாண்டினால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கத் தொடங்கிவிடும்.

போனில் ஒரு பட்டியல் போட்டேன். தேதி, எந்தப் பக்க இடுப்பு, அடுத்த தேதி, கடைசியில் ஒரு டிக். இரண்டு வருடத்தில் ஒரு டிக் கூட விடுபடவில்லை. அந்தப் பட்டியலை நான் கொஞ்சம் பெருமையாகவே வைத்திருந்தேன்.

"கார்டு எங்கம்மா?" என்றேன்.

அம்மா அடுப்படியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தார். பல வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தாளிக்கும் வாசனை. "ஆஸ்பத்திரிக்குப் போசொல்ல எடுத்துக்கலாம். சாப்டு மொதல்ல."

"கார்டக் குடும்மா."

அவர் திரும்பவில்லை. நானே அலமாரியில் தேடினேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நர்ஸின் கையெழுத்துகள் வரிசையாக இறங்கி ஒரு தேதியில் நின்றுவிட்டன. எண்ணினேன். அன்றோடு நாற்பத்திரண்டு நாள். என் போனில் இடையில் ஒரு டிக் இருந்தது. அன்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "போட்டாச்சி, போட்டாச்சி, வை" என்றார். நான் டிக் போட்டேன்.

"ஏம்மா பொய் சொன்ன?"

"ஆத்தா எறங்கி வந்து குந்திங்கிறா வூட்ல. வாசல்ல வேப்பில சொருவி வச்சிருக்கேன். நான் எப்படிடீ புள்ளைய இட்டுங்கினு போய் ஊசி குத்துவேன்? நானே மிசின்ல குந்தல, தெரியுமா உனுக்கு?"

எனக்குத் தெரியாது. அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோலைத் தைக்கும் வரிசையில் வேலை செய்கிறார். அம்மை இருக்கும் வீட்டுக்காரி தோலில் ஊசி ஏற்றக் கூடாது என்று, அத்தனை நாளும் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார். அப்பாவின் கொப்புளங்களுக்கு வேப்பிலையால் விசிறியபடி, எந்த ஊசியும் எந்த உடம்பையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கவனக்குறைவால் நடந்ததாக இருந்தால் நான் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அவர் அளவுக்கு மீறிக் கவனமாக இருந்திருக்கிறார்.

"நடுவுல இவளுக்குத் தொண்ட வலிச்சுதா?"

அம்மா அடுப்பை அணைத்தார். தங்கைதான் சொன்னாள். "வலிச்சுது. எச்சில் முழுங்க முடியல. அம்மா சூடுன்னு சொல்லி எளநி குடுத்துச்சி."

தேதி கேட்டேன். அப்பாவுக்கு முதல் தண்ணீர் ஊற்றியதற்கு மறுநாள். ஊசி தவறிய ஆறாவது நாள். அன்றிலிருந்து இன்றைக்குப் பதினைந்து நாள். எல்லாம் பாடத்தில் இருப்பதுபோலவே இருந்தது.

வேலூர் பஸ்ஸில் தங்கை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அம்மா நடுவில்.  நான் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்: காய்ச்சல், மூட்டு, தொண்டை, தவறிய ஊசி. இவ்வளவும் இருந்தும் இதயம் தப்பித்திருக்கலாம். எல்லா முறையும் வால்வைத் தொடும் என்பதில்லை. ஆனால் ஏற்கெனவே தொட்ட வால்வை மறுபடி தேடி வரும் வழக்கம் அதற்கு உண்டு. அவள் மூச்சை எண்ணப் பார்த்தேன். "இன்னாக்கா மொறைக்கிற?" என்றாள். எண்ணிக்கை விட்டுப்போனது.

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் எக்கோ எடுப்பதில்லை. என் சீனியர் அக்காதான் எடுத்தார். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். அம்மா சுவரோரமாக ஸ்டூலில். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மாக்கள் எல்லாரும் இப்படித்தான் என் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது எங்கள் வேலையில் பாதி.

"ஜெல்லு ஜில்லுன்னு இருக்குது" என்று தங்கை நெளிந்தாள்.

"அசையாதடி ராணி, படம் கலையும்" என்றார் சீனியர்.

திரையில் மைட்ரல் வால்வு தெரிந்தது. முன் இதழின் நுனி போன தடவையைவிடத் தடிப்பாக, திறக்கும்போது முழங்கை போல மடங்கியது. ரத்த ஓட்டம் தெரிய சீனியர் வண்ணத்தைப் போட்டார். போன தடவை ஒரு குறுகிய கீற்றாக இருந்த கசிவு, இப்போது நீலமும் மஞ்சளும் கலந்து, மேல் அறைக்குள் பாதிவரை போய் அடித்தது. அவர் அளவெடுத்தார். இன்னொரு முறை எடுத்தார். அவர் ஏன் இரண்டாம் முறை எடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். முதல் எண் தவறாக இருக்காதா என்று நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

என் முகம் என்ன செய்தது என்று தெரியவில்லை. அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டரம்மா எங்களை விட வயதில் பெரியவர், குரலை உயர்த்தாதவர். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் வந்தபின் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மறுபடி வந்திருக்கிறது. லேசாக இருந்த கசிவு நடுத்தரமாகியிருக்கிறது. சேர்த்துக்கொண்டு அழற்சியை அடக்கலாம். விழுந்த தழும்பை அழிக்க மருந்து இல்லை.

"ஆப்பரேசன் பண்ணணுமா, டாக்டர்?" அம்மா கேட்டார்.

"இப்ப வேணாம். இன்னொரு தடவ வராம பாத்துக்கிட்டா, இதோட நின்னுடலாம். சில புள்ளைங்களுக்கு வருசம் போகப் போகக் கசிவு கொறையவும் செய்யும். திரும்பத் திரும்ப வந்தா, பண்ணித்தான் ஆகணும்." பிறகு கார்டைப் பார்த்தார். "நடுவுல ஏன் விட்டுப்போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார். "வூட்ல அம்மா வந்திருந்தா, டாக்டர். நாந்தான் போடாம வுட்டேன். என் பொண்ணு கேட்டா, போட்டாச்சின்னு பொய் சொன்னேன்."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ வீட்டுக்குள்ள தானம்மா இருந்தா? புள்ளைய வீட்டுக்கு வெளிய கூட்டிட்டு வந்து போட்டிருக்கலாமே" என்றார். 

தங்கை மூன்று வாரம் வார்டில் இருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணோடு சேர்ந்து எல்லா நர்ஸ்களுக்கும் பட்டப்பெயர் வைத்தாள். நான் வேலை முடிந்து போகும்போதெல்லாம் அம்மா கட்டிலுக்கடியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "நீ ஏன் கார்டக் கேக்கல?" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கார்டை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் போதும். "நீ சொன்னா போதும்னு இருந்துட்டேன்" என்றேன். பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: கார்டைப் பார்த்தேன்.

ஆடியில் அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் அவருக்கு அம்மை போட்டது. வாசலில் மறுபடி வேப்பிலை. போனில் செய்தி கேட்டதும் பட்டியலைத் திறந்தேன். இருபத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. இரண்டு நாள்தான் இருந்தது. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்து, மூன்று விதமாக எழுதிப் பார்த்து, மூன்றையும் அழித்தேன். வியாழன் இரவு அம்மாவே கூப்பிட்டார்.

"நாளிக்கி லீவு போட்டுட்டு வா. உள்ள வராத. வாசல்ல நில்லு."

"நீ?"

"நான் வர்ல. இங்க இவளுக்குப் பணிவிட பண்ணணும். புள்ளைய அனுப்பறேன். அவளுக்குத்தான் சின்னதுலயே அம்ம வந்து போய்ட்டுதே." கொஞ்சம் நிறுத்தினார். "கோயிலுக்குப் போய்க் கேட்டேன். பூ போட்டுப் பாத்தேன்."

"என்ன வந்துச்சு?"

"செவப்பு கேட்டேன். வெள்ள வந்துச்சி."

கேட்ட பூ வரவில்லை என்றால் உத்தரவு இல்லை என்று அர்த்தம்.

"வந்தா வரட்டும்" என்றார் அம்மா. "அவளும் அம்மாதான. நான் பாத்துக்கிறேன். நீ கரெக்டா வந்துடு."

மறுநாள் காலை தெருவில், வாசலிலிருந்து பத்தடி தள்ளி நின்றேன். மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசல்படி. தோரணத்துக்குக் கீழே அம்மா நின்றார். வேப்பிலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார், தங்கை தலையில் படாமல். அவள் குனியாமல் வெளியே வந்தாள். நேராக, இரண்டு காலையும் ஊன்றி நடந்து வந்து என் கையில் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தாள்.

"இந்தா கார்டு. நீ கேக்கறதுக்கு முன்னாடியே அம்மா குடுக்கச் சொல்லுச்சி."

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் மருந்துக் குப்பியை வேகமாகக் குலுக்கினார். பால்போல் வெளுத்துக் கெட்டியான அந்த மருந்து அடியில் படிந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். இந்த முறை வலது இடுப்பு. தங்கை என் விரல்களை நெரித்தாள். கையெழுத்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் டிக் போட்டேன்.

வீடு திரும்பும்போது அவள் நொண்டினாள். சரியான காலில்.