தொண்ணூற்றெட்டு மீட்டர் உயரத்தில் கடல்

நான் செய்த கடலில் எல்லாம் இருந்தது. அலை இருந்தது, படகு இருந்தது, படகுக்கு எதிரே கரையில் வீடும் இருந்தது. தண்ணீரில் வீட்டின் நிழல் விழ வேண்டிய இடம் மட்டும் தார் ஊற்றியதுபோல் கறுப்பாகக் கிடந்தது.

இது 2008இல், கீழக்கரையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நடந்தது. வளைகுடாவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் அங்கே இரண்டு அறை பிடித்து அலுவலகம் போட்டிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவதுதான் வேலை. அவரை எல்லோரும் காக்கா என்போம். அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டியவரை லாத்தா என்போம், அக்கா என்பதுபோல. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் தானாகவே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவர். மூன்றாவது ஆள் நான். உச்சிப்புளிக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள், அதுவும் என்ஜினீயரிங். இதை அன்றைக்கு யாரும் கேட்காமலே நானே சொல்லிக்கொள்வேன்.

அதுவரை அங்கே செய்ததெல்லாம் அசையாத படங்கள். என்னை வேலைக்கு எடுத்தது, மவுஸைப் பிடித்தபடி வீட்டுக்குள் நடந்து பார்க்கும்படி ஒன்று எழுதத்தான். முதல் வாடிக்கையாளர் ஒரு வித்தியாசமான ஆசையோடு வந்தார். அவருடைய மனை கடலை ஒட்டியது. "வாசல்ல இருந்து எல்லாரும் பாப்பாங்க. எனக்குக் கடல்ல இருந்து பாக்கணும். எங்க வாப்பா வள்ளத்துல திரும்பி வரும்போது வீடு எப்படித் தெரியுமோ அப்படி. தண்ணியில வீடு ஆடணும்" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பார்க்க வருவதாகச் சொன்னார். சனிக்கிழமை அவருக்கு விமானம்.

காக்கா என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "தங்கச்சி, தண்ணியில வீடு தெரிஞ்சா இந்த நடக்குற வேலையத் தொடருவோம். தெரியலைன்னா பழையபடி படமாவே போட்டுக் குடுத்துருவோம். படத்துக்கு லாத்தா போதும். கோச்சுக்கிறாதம்மா."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? வேலை போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் அய்யா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். காலையில் என்னைப் பஸ் ஏற்ற வரும்போது கண்டக்டரிடமே, "எம்மக கம்ப்யூட்டர்ல கடல் செய்யிது" என்பார். கண்டக்டர், "இருக்குற கடல் பத்தலையாக்கும்" என்று சீட்டைக் கிழிப்பார். அய்யாவுக்கு அதுவும் பெருமைதான்.

தண்ணீரில் வீடு தெரிவதற்கு நான் எழுதியிருந்த முறை இது. திரையில் ஒரு நொடிக்குப் பல படங்கள் வரையப்படுகின்றன. ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்போம். ஒவ்வொரு ஃபிரேமையும் கம்ப்யூட்டர் சில சுற்றுகளாக வரைகிறது. அதற்குப் பாஸ் என்று பெயர். முதல் பாஸில், பார்ப்பவரின் கண்ணைத் தண்ணீருக்கு அடியில் அதே தூரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வீட்டை வரைந்து தனியே ஒரு தாளில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பாஸில் உண்மையான காட்சியை வரைந்து, தண்ணீர் வரும் இடத்தில் அந்தத் தாளை விரித்துவிட வேண்டும். அந்த முதல் தாள்தான் கறுப்பாக வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தப்பு என்னுடையதல்ல, லாத்தாவுடையது. கம்ப்யூட்டரில் கட்டும் சுவருக்கு ஒரு பக்கம்தான் முகம்; முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் அதை வரையாமல் விட்டுவிடும்.

"லாத்தா, ஒங்க வீட்டுல செவத்துக்கு மொகம் திரும்பிக் கெடக்கு. கண்ணாடியில பாக்கும்போது முன்பக்கம் பின்பக்கமாயிரும். நான் அதச் சரிபண்ணித்தான் எழுதியிருக்கேன். ஒங்க சைடுலதான் கோளாறு."

லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். "எம்புட்டு செவரு?"

"எல்லாமே."

"எல்லாச் செவருமா? நான் என்ன தலைகீழா நின்னுக்கிட்டா கட்டுனேன்?"

"நான் படிச்சிருக்கேன் லாத்தா. இது அப்படித்தான் வரும்."

லாத்தா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். செவ்வாயும் புதனும் உட்கார்ந்து ஒவ்வொரு சுவராக, ஒவ்வொரு ஜன்னலாகத் திருப்பினார். நடுவில் அவர் வீட்டிலிருந்து தொதல் அல்வா வந்தது. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தார். நான் அதைத் தின்றுகொண்டே, "இன்னும் மாடி ஜன்னல் பாக்கி" என்றேன்.

வியாழக்கிழமை காலை, அதுவரை திருப்பிய மாடலை ஏற்றினேன். தண்ணீரை மட்டும்தான் பார்த்தேன்; கறுப்பு அப்படியே இருந்தது.

அப்போதுதான் நிரல் எழுதும் மென்பொருளின் சிடியோடு வந்த ஒரு கருவியைத் திறந்தேன். அதுவரை அதைத் தொடவில்லை. தன் கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் அது என்று ஓர் எண்ணம் எனக்கு. ஓடுகிற நிரலில் ஒரு ஃபிரேமை மட்டும் பிடித்து, கம்ப்யூட்டர் அதை எந்த வரிசையில் எப்படி வரைந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். எங்கள் நிரலை அதன் வழியாக ஓடவிட்டு, வீடு நேரே தெரியும் இடத்தில் F12 அழுத்தினேன். திரை ஒரு கணம் உறைந்து நகர்ந்தது. பிடித்தாகிவிட்டது.

இடதுபக்கம் நீளமாகப் பட்டியல். முதல் பாஸ் எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். தாளைக் கறுப்பால் துடைத்தது ஒரு வரி. அதற்குக் கீழே சுவர், தூண், ஜன்னல், கைப்பிடி என்று வரையச் சொன்ன வரிகள் எல்லாம் இருந்தன. ஆக, வரையாமல் விடவில்லை. தாளின் நடுவில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, இதைத் தொட்டது யார் யார் என்று கேட்டேன். துடைத்த ஒரு வரியை மட்டும் காட்டியது. இத்தனை சுவர் வரைந்தும் ஒன்றுகூட அந்தப் புள்ளிக்கு வந்து சேரவில்லை.

சுவரின் முகத்தைப் பார்க்காமல் இரண்டு பக்கமும் வரையச் சொல்லி மாற்றி, இன்னொரு ஃபிரேம் பிடித்தேன். அப்போதும் கறுப்பு. முகம் திரும்பியதுதான் காரணம் என்றால் இப்போது வீடு வந்திருக்க வேண்டும். திங்கட்கிழமையே ஒரு வரியை மாற்றி இதைப் பார்த்திருக்கலாம். அந்த வரியைப் பழையபடி ஆக்கினேன். பின்னால் லாத்தா மாடி ஜன்னலைத் திருப்பும் மவுஸ் சத்தம் டிக் டிக்கென்று கேட்டது.

பெரிய சுவரை வரைந்த வரியைத் தேர்ந்தேன். திரையில் எங்கே விழும் என்று போடும் கணக்குக்கு முன் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று கருவியின் ஒரு ஜன்னல் காட்டியது. லாத்தா கட்டிய சுவர், கச்சிதமாக இருந்தது. கணக்குக்குப் பின் எப்படி ஆனது என்று பக்கத்து ஜன்னலில் பார்த்தால், கேமரா என்று நாங்கள் சொல்லும் அந்தக் கண் பார்க்கும் எல்லைக்கு வெகு கீழே, கைதவறி விழுந்த தீப்பெட்டிபோல் வீடு கிடந்தது. வீடு எப்படி அங்கே போகும்? போகாது. கேமராதான் எங்கோ போயிருக்கிறது.

அந்தப் பாஸுக்கு நான் அனுப்பிய எண்களைத் திறந்தேன். கண்ணின் உயரம்: 196.2.

படகில் உட்கார்ந்திருப்பவரின் கண், தண்ணீருக்கு அடியில் தலைகீழாக இருக்க வேண்டியது, வானத்தில் கிட்டத்தட்ட இருநூறு மீட்டரில் நின்றுகொண்டிருந்தது. உச்சிப்புளியில் எங்கள் வயலுக்கு மேலே போகும் கடற்படை விமானம் ஞாபகத்துக்கு வந்தது.

கண்ணாடிக் கணக்கில் தண்ணீர் மட்டத்தை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து கண்ணின் உயரத்தைக் கழிக்க வேண்டும். நான் கொடுத்திருந்த தண்ணீர் மட்டம் 98.2. சர்வேயர் தாளிலிருந்து நானே பார்த்து எழுதியது. லாத்தாவிடம் கேட்பதைவிட மூலத் தாளையே பார்ப்பதுதான் முறை என்று நினைத்து எழுதியது.

"லாத்தா," என்றேன். "கடல் மட்டம் எவ்வளவு வச்சீங்க?"

"மைனஸ் ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் கூட. ஒண்ணு புள்ளி எட்டு. ஏன்?"

"சர்வேயர் தாள்ல தொண்ணூத்தெட்டு புள்ளி ரெண்டுன்னு இருக்கே."

லாத்தாவின் மவுஸ் நின்றது. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, நூறக் கழிக்கலயா நீ?"

"எந்த நூறு?"

"சர்வேயரு வந்தா மொதல்ல என்ன செய்வாரு? அசையாத எடமா பாத்து, மதகோ வாசப்படியோ, ஒரு புள்ளி வச்சு இது நூறும்பாரு. மேல கீழ எல்லாம் அதுலருந்துதான். நம்ம மனைக்குத் தெருமுக்கு மதகு மேல வச்சாரு. நான் எந்தத் தாள் வந்தாலும் நூறக் கழிச்சுட்டுத்தான் கட்டுவேன். அப்ப ஓங் கடலு எங்க இருக்கு?"

"தொண்ணூத்தெட்டு மீட்டர் ஒசரத்துல."

"யா அல்லா!" என்றார் லாத்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊரே முழுகிப் போச்சே! மினாராவும் தெரியலையா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிரலில் 98.2ஐ அழித்து மைனஸ் 1.8 போட்டேன். ஓடவிட்டேன். படகின் முன்னால் தண்ணீரில் வீடு தலைகீழாக நின்று ஆடியது. வானத்தை அந்தப் பாஸில் இன்னும் வரையவில்லை; தாளைத் துடைக்கும் கறுப்பை மாற்றி மாலை வெயிலின் வெளிர்நிறம் வைத்தேன். லாத்தா பக்கத்தில் வந்து நின்றார்.

முதலில் அவர்தான் கண்டுபிடித்தார். "கீழ ஜன்னல்ல என்னா ஓட்டை?"

உண்மையிலேயே ஓட்டைதான். கீழ்த்தளச் சுவர்கள் பாதிக்கு மேல் காணவில்லை. வீட்டுக்குள் இருக்கும் பின்சுவர் தெரிந்தது. நான் சொன்னேன் என்று அவர் இரண்டு நாளாகத் திருப்பிய முகங்கள். சரியாக இருந்த வீட்டை என் பேச்சுதான் உள்வெளியாக்கியிருந்தது. மறுநாள் மத்தியானம் ஆள் வருகிறார். திருப்பியதைத் திரும்பத் திருப்ப இன்னும் இரண்டு நாள் வேண்டும்.

"மன்னிச்சிருங்க லாத்தா" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. "தப்பு எம்மேலதான். காக்காகிட்ட நானே சொல்லிர்றேன்."

"சொல்லு, சொல்லு. அதுக்கு முன்னாடி இதப் பாரு." குனிந்து மவுஸைத் தட்டினார். திங்கட்கிழமைத் தேதியில் ஒரு கோப்பு இருந்தது. "பழைய வீட்ட எடுத்து வச்சிட்டுத்தான் தொட்டேன். ஓம் பேச்ச நம்பி அழிக்கிறதுக்கு நான் என்ன கிறுக்கியா?"

அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

காக்காவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன், நூறு உட்பட. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அதான் ரெண்டு நாளா ஒரு புள்ள டிக்கு டிக்குன்னு, ஒரு புள்ள உர்ருன்னு இருந்துச்சா?" என்றார்.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வந்தார். அத்தர் மணக்க நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். படகை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். தண்ணீரில் வீடு ஆடியது. வெகுநேரம் வீட்டுக்குள் போகவே இல்லை, கடலிலேயே இருந்தார். கடைசியில், "இந்த எடத்துல கொஞ்சம் இருந்துக்குறேன்" என்று மட்டும் சொன்னார். காக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எனக்கு இன்னும் ஒன்றரை வருட வேலை இருந்தது.

அந்த நிரலில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: நூறைக் கழிக்கவும், சந்தேகம் இருந்தால் லாத்தாவைக் கேட்கவும். நான் கிளம்பும் வரை அது அங்கேயே இருந்தது.