பின்னால் திருப்பிய கால் சுற்று

மணலியில் ஒரு ஆலையில் நான் காண்ட்ராக்ட் பைப் ஃபிட்டர். பதினெட்டு வருஷமாக அதே வேலை. அங்கே ஒரு இணைப்பை முடுக்கிவிட்டுத் தண்ணீர் ஏற்றி, அழுத்தம் கொடுத்துப் பார்த்து, கசியவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கையைக் கழுவலாம். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் குழாயில் கோட்டை விட்டேன் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்டையார்பேட்டையில் நாங்கள் இருப்பது ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மேல் மாடி. எதிர் வீட்டு அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். போன வருஷம் வாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பியது. அவர் மனைவி, எனக்கு அக்கா, தெருமுனையில் காலை இட்லிக் கடை போடுகிறார். விடிவதற்கு முன் போனால் பத்து மணிக்குத்தான் திரும்புவார்.

அண்ணன் கோலை ஊன்றிக் கக்கூஸ் வரை போய்விடுவார். கழுவுவதுதான் பிரச்சனை. பக்கெட்டில் மொண்டு ஊற்ற ஒரு கை, கழுவ ஒரு கை வேண்டும். அவருக்கு இருப்பதே ஒன்று. அதனால் அக்கா உள்ளே போக வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

"நைனா, கையில புடிச்சி அமுக்கினா தண்ணி அடிக்குமே, அத்த இடது பக்கமா மாட்டிக் குடுத்தா அவரே பாத்துக்குவாரு. ஒனக்குத் தெரியாத வேலையா இது?" என்றார் அக்கா.

தெரியாத வேலையா! ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பை நிறைய சாமானோடு போய் இறங்கினேன். கையில் பிடித்து அடிக்கும் ஹெல்த் ஃபாசெட், அதற்கு ஒரு மீட்டர் ஹோஸ், சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக். இடது பக்கச் சுவரில் ஏற்கனவே ஒரு லைன் இருந்தது, அடைப்பான் போட்டு மூடியிருந்தார்கள். அதைக் கழற்றினேன். ஆங்கிள் காக்கின் மரையில், முடுக்கும் திசையிலேயே, கசிவை அடைக்கும் டெஃப்லான் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றினேன். சுவரோடு ஒட்டும் மூடிவளையத்தைப் போட்டு, காக்கைச் சுவருக்குள் முடுக்கினேன்.

இறுகி நின்றபோது அதன் வாய் கீழே பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தது. கால் சுற்று அதிகம் போய்விட்டது. இன்னும் முக்கால் சுற்று முன்னே போனால்தான் வாய் கீழே வரும். அவ்வளவு முடுக்கினால் சுவருக்குள் குழாய் வளையும் இடத்தில் இருக்கும் பழைய எல்போ விரிந்துவிடும். சரியான வழி, காக்கை முழுசாகக் கழற்றி, பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது. என் கையில் டேப் தீர்ந்திருந்தது. கடைக்காரன் மதியத்தோடு மூடிவிட்டான். வீட்டில் மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கால் சுற்று பின்னால் திருப்பினேன். வாய் அழகாகக் கீழே பார்த்தது.

முடுக்கியதைப் பின்னால் திருப்பினால் டேப்பின் பிடி விட்டுப்போகும். இது ஆலையில் சேரும் பையன்களுக்கு நானே திட்டித் திட்டிச் சொல்லும் பாடம். தெரிந்தேதான் செய்தேன்.

மற்றதெல்லாம் ஒழுங்கு. ஹோஸின் இரண்டு முனையிலும் ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, நட்டைக் கையால் முடுக்கி, ஸ்பேனரில் ஒரு சின்னத் தொடு மட்டும் கொடுத்தேன். திறந்து பார்த்தோம். அன்றைக்கு மேலே டேங்கில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது, நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது. எங்கும் சொட்டில்லை.

"யூஸ் பண்ணதும் இந்தக் காக்க மூடிடணும்ணே. தொறந்து வுட்டா ஹோஸ் தாங்காது" என்றேன்.

அண்ணன் இடது கையால் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "ஷோக்கா கீதுடா" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

மறுநாள் விடிகாலையில் மோட்டார் போட்டு டேங்க் நிறைந்தது. எட்டு மணிக்கு அண்ணன் விழுந்த சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. ஓடினேன். எப்போதும் துடைத்துக் காய்ந்திருக்கும் தரையில் தண்ணீர் பரவிக் கிடந்தது. நெற்றி கிழிந்து ரத்தம். தூக்கி உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஆங்கிள் காக் இறுக மூடித்தான் இருந்தது. அதன் பின்னால், மூடிவளையத்துக்கு அடியிலிருந்து, சுவரோடு ஒட்டித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் அக்கம்பக்கத்தவர் கூடிவிட்டார்கள், யாரோ போய்ச் சொல்லிக் கடையிலிருந்து அக்காவும் ஓடி வந்தார். "இன்னா ஆச்சி? எங்கேர்ந்து தண்ணி?" என்று அக்கா கத்தினார்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அண்ணன் காக்க சரியா மூடலக்கா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானோ ஆடத் தெரிந்தவன்.  அண்ணன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நெற்றியில் நாலு தையல். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் புது டேப் வாங்கி வந்து, காக்கைக் கழற்றி, சுத்தமாகச் சுற்றி, வாய் சரியாகக் கீழே பார்க்கும்போதே இறுகும்படி முடுக்கினேன். டேங்க் நிறைந்திருக்கும்போதே ஒரு மணி நேரம் காய்ந்த காகிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஒரு துளி ஈரமில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு அண்ணன் அந்தக் காக்கைத் தொடவில்லை. மறுபடி பக்கெட், மறுபடி அக்கா. என்னைப் பார்த்தால் அக்கா, "நீ பாவம் நைனா, லீவு நாள்ல ஒழைச்ச. அவரு கைக்கிதான் குடுத்து வைக்கல" என்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. மாடிப்படியில் அக்காவின் காலடி கேட்டால் நான் உள்ளே போய்விடுவேன்.

நாலு மாசம் ஓடியது. ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு காலையில், அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். உதடு வெடித்திருந்தது. என் கையிலிருந்த டீயை நீட்டினேன்.

"வேணாம்டா. அவ வர பத்து மணி ஆவும்" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அக்கா வரும் வரை கக்கூஸ் போக வேண்டி வந்துவிடக் கூடாதென்று, அந்த மனிதர் நாலு மாசமாகக் காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பத்து மணிக்கு அக்கா வந்ததும் இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். பின்னால் திருப்பியது, டேங்க் காலியாக இருந்தபோது பார்த்தது, காக் மூடியிருந்ததை என் கண்ணால் கண்டும் வாய் கூசாமல் பொய் சொன்னது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா இட்லிப் பானையைக் கீழே வைத்தார். "அடப்பாவி, அவரு கைய நானே எத்தினி தபா திட்டியிருக்கேன் தெரியுமா? நீ மன்சனா?" என்றார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "தண்ணி குடு" என்று அக்காவிடம் கேட்டு ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார்.  பிறகு கோலை ஊன்றி எழுந்தார். அக்கா பின்னாலேயே போனார்.

"நீ இன்னாத்துக்கு வர?" என்றார் அண்ணன்.

கக்கூஸ் கதவைச் சாத்தினார். "தாப்பா போடாதய்யா" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே நின்றோம். தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு காக்கை மூடித் திறந்து மூடும் சத்தம். ரொம்ப நேரம் அவர் வெளியே வரவில்லை.