நண்டுக்கூட்டில் வெட்டிக்கொண்ட கோடுகள்

நண்டு பிடிக்கும் கூட்டில் வைக்க எந்த இரை நல்லது என்று தோணிரேவு மீனவக் கிராமத்தில் ஒரு கணவன் மனைவிக்குள் ஓயாத சண்டை. கணவருக்குக் கோழிக்குடல், நான் அக்கா என்று கூப்பிடும் மனைவிக்கு மீன்தலை. மீன்வள ஆராய்ச்சி மாணவியான நான், தீர்த்துவைக்கிறேன் பேர்வழி என்று இரண்டையும் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்திலும் உள் ஏரியிலும் பலமுறை போட்டுப் பார்த்தேன்.

இரைவாரியாகச் சராசரி எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். "எதைப் போட்டாலும் ஒண்ணுதான்" என்றேன். அதுவரை ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டினார்கள். "இன்னா மேடம், எங்கள இன்னானு நெனச்சிக்கினே?"

எரிச்சலோடு போய் இடவாரியாகவும் பிரித்து, நான்கு சராசரிகளையும் வரைபடத்தில் வைத்தேன். கீழே இரண்டு இடங்கள்; புள்ளியின் உயரம், ஒரு கூட்டுக்கு எத்தனை நண்டு என்பது; ஒவ்வொரு இரைக்கும் ஒரு கோடு. கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டன. முகத்துவாரத்தில் கோழிக்குடல் மேலே, உள் ஏரியில் மீன்தலை மேலே. என் சராசரி இந்த வித்தியாசத்தை விழுங்கியிருந்தது. தற்செயலாக இருக்குமோ என்று சோதித்தும் பார்த்தேன், அப்படித் தெரியவில்லை.

படத்தைக் காட்டினேன்.

"இன்னா இது, வல சிக்கிக்கின மாதிரி கீது?" என்றார் அவர்.

"எந்த இரை நல்லதுங்கிறது இடத்தைப் பொறுத்தது. ரெண்டு பேர் சொன்னதும் சரி."

இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா கோடுகளை உற்றுப் பார்த்தார். "அப்ப எந்த எடம் நல்லது?"

"மொகத்துவாரந்தான்" என்றார் அவர்.

"யாரு சொன்னா? ஏரிதான்!"

"அது இரையைப் பொறுத்தது" என்று சொல்ல வாயெடுத்தவள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.