செல்வராஜிடம் போன கட்டர்

துணியின் கனம் பார்க்க வட்டமாக வெட்டியெடுப்போமே, அந்த ஜிஎஸ்எம் கட்டர். போன தீபாவளிக்கு முன்னால் நண்பன் செல்வராஜ் என்னிடம் வாங்கிப் போனான். இன்னும் வரவில்லை.

இன்று சாயப்பட்டறையிலிருந்து துணி வந்துவிட்டது. கனம் குறைந்திருந்தால் கட்டிங்குக்கு முன்பே தெரிய வேண்டும். வெட்டிய பிறகு தெரிந்தால் நஷ்டம் என் தலையில்.

"என் கட்டரைக் கொடு" என்றால் அவன் முகம் சுருங்கிவிடும். அதனால் ஆட்கள் டீக்குப் போகும் நேரமாகப் பார்த்து அவன் கம்பெனிக்குப் போனேன். ஊர்க்கதை பேசிவிட்டு, "துணி வந்துருச்சுங்க மாப்ள, செக் பண்ணோணும். கையில கட்டர்தான் இல்லை" என்றேன். "அடடா, அது உங்களுதாச்சே!" என்று அவனே சொல்லட்டும் என்று வழிவிட்டேன்.

"அதுக்கென்னங்க, நம்மகிட்ட இருக்குதுங்க!" என்றான்.

எடுத்து வந்தான். என் கட்டரேதான். மேலே அவன் கம்பெனி ஸ்டிக்கர்.

வாயைத் திறப்பதற்குள் அவனுக்கு ஆர்டர் தருகிறவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "கட்டர் இல்லாமயா பனியன் தொழில் பண்றீங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் முன்னால் செல்வராஜைத் தலைகுனிய வைக்க மனசு வரவில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

கிளம்பும்போது செல்வராஜ் வாசல்வரை வந்தான். "காலையில குடுத்தனுப்பீருங்க மாப்ள. வாங்கிட்டுப் போறவங்க யாரும் திருப்பித் தர்றதே இல்லீங்க."

துணியின் கனம் சரியாகத்தான் இருக்கிறது. காலையில் கொடுத்தனுப்பத்தான் போகிறேன், வேறு வழி தெரியவில்லை. நல்ல கட்டர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிறகு என்னிடம் அதை இரவல் கேட்பதாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டாம்.