கழுத்துக்குள் ஒரு புடைப்பு

போர் முடிந்து முசலிப் பக்கத்தில் சனங்கள் மீளக் குடியேறி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் அங்கே நடமாடும் மருத்துவ முகாமில் இளம் டொக்டர். எங்களிடம் கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு ஸ்கேன் மெஷின் இருந்தது. பிரஷர், நீரிழிவு என்கிற சீனி வருத்தம், குடும்பத்தில் பக்கவாதம் என்கிற பாரிசவாதம் உள்ளவர்களின் கழுத்து இரத்தக்குழாயை அதில் பார்ப்பேன்.

ஒருநாள் பிரஷர் உள்ள ஒரு பெண் கணவரோடு வந்தார். கணவர் மேசன். ஊரில் பாதி வீடுகளைப் பூசியவர். ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் பீடிக்கட்டு.

"இவட வாப்பா பாரிசவாதத்தில மௌத்தானவர், டொக்டர். வடிவாப் பாருங்கோ. எனக்கெண்டா ஒரு வருத்தமும் இல்ல" என்றார்.

அந்தப் பெண்ணின் கழுத்தில் ஜெல் பூசிப் பார்த்தேன். குழாயின் சுவர் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது, நடுவில் மெல்லிய கறுப்பு. அந்த இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான் சுவரின் தடிப்பு. 0.6 மில்லிமீற்றர், சரியான அளவு. புடைப்பு எதுவும் இல்லை.

எழும்பியதும் அவர் கணவரைப் பார்த்தார். "இப்ப நீங்க படுங்கோ. முப்பது வருசமா எனக்குத்தான் வருத்தமெண்டு சொல்லுறீங்க."

மனுசன் சிரித்துக்கொண்டே படுத்தார். கொலஸ்ட்ரோல் றிப்போட்டும் நல்லதாம், போன மாதம்தான் எடுத்தாராம். இடது கழுத்தைப் பார்க்க முகத்தை வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். அங்கேதான் திரை இருந்தது. கோடுகள் நேராக ஓடின. குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு நின்றது. அளந்தேன். இரண்டு மில்லிமீற்றருக்கு மேல்.

நான் வாய் திறக்க முதல் அவரே விரலை நீட்டினார்.

"இந்த இடத்தில புடைச்சிருக்கே! யாருக்கு இப்பிடி?"

"உங்களுக்குத்தான்."

மனைவி களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"நோவில்லையே, டொக்டர்?" கணவர் கழுத்தைத் தடவினார்.

"நோகாது. இரத்தம் நல்லா ஓடுது, இன்னும் அடைக்கேல்லை. ஆனா இது கொழுப்புப் படிவு. கொலஸ்ட்ரோல் றிப்போட் நல்லா இருந்தாலும் இது இருக்கலாம். வெடிச்சு, அதில உறையிற இரத்தக்கட்டி மூளைக்குப் போனா பாரிசவாதம்."

"சுரண்டி எடுக்க ஏலாதோ?"

"இந்த அளவுக்கு அது தேவையில்லை. பீடியை விடுங்கோ. குளிசை தாறன், ஒவ்வொரு நாளும் போடுங்கோ."

பீடிக்கட்டை மனைவியே சட்டைப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். அவர் தடுக்கவில்லை.

ஒரு வருசம் கழித்துத் திரும்ப அளந்தேன். அதே அளவு.

"குறையேல்லையோ?" முகம் வாடிவிட்டது.

"கூடேல்லை. அதுவே நல்ல செய்தி."

யோசித்துக்கொண்டே போனார். அடுத்த முகாமுக்குத் தன்னோடு வேலை செய்யும் நாலு பேரைத் திரீவீலரில் அடைத்துக்கொண்டு வந்தார். நாலு பேரும் பீடிக்காரர். "இவங்களுக்கும் ஒரு வருத்தமும் இல்லையாம். அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார்.